ஈபே நிறுத்திப் பார்த்த விளம்பரம்

இணையத்தில் ‘ஈபே ஷூ’ என்று தட்டித் தேடுகிறவர் எங்கே போக நினைக்கிறார் என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஈபே கடைக்குத்தான். ஆனாலும் அந்தத் தேடல் பக்கத்தின் உச்சியில் ஈபே நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று நிற்கும். அதற்குக் கொஞ்சம் கீழேயே, விளம்பரமாக இல்லாமல் சாதாரணத் தேடல் முடிவாக, அதே ஈபேயின் இணைப்பும் இருக்கும். மேலே உள்ளதைத் தட்டினால் தேடுபொறிக்கு ஈபே பணம் கட்ட வேண்டும். கீழே உள்ளதைத் தட்டினால் ஒரு காசும் செலவில்லை.

எப்படியும் கடைக்கு வரப்போகிறவரைக் கூப்பிட்டு வருவதற்கு எதற்குக் காசு? ஈபேயில் வேலை பார்த்த பொருளியலாளர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்தது. 2012 மார்ச்சில் யாஹூ, மைக்ரோசாஃப்ட் இரண்டின் தேடலிலும் ‘ஈபே’ என்ற பெயர் கலந்த சொற்களுக்கான விளம்பரத்தை நிறுவனம் நிறுத்தியது. கூகுளில் மட்டும் வழக்கம்போல் ஓடியது. டாம் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவ் டடேலிஸ் மூவரும் இதையும் இதைத் தொடர்ந்த சோதனைகளையும் 2015-ல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

நிறுத்துவதற்கு முன்பும் பின்பும் வந்த கிளிக்குகளை எண்ணிப் பார்த்தால், 5.6 சதவீதம் சரிந்திருந்தது. விளம்பரப் பிரிவில் இருப்பவர் இந்த எண்ணைத் தூக்கிக் காட்டி, ‘பார்த்தீர்களா, நிறுத்தியதால் வந்த வினை’ என்று சொல்லியிருப்பார். சொல்வதற்கு நியாயமும் உண்டு. ஆனால் கடை வியாபாரம் ஆண்டு முழுக்க ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. பருவம் மாறினாலே வருகை ஏறும், இறங்கும். அந்த 5.6-ல் பருவத்தின் பங்கு எவ்வளவு, விளம்பரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தாக வேண்டும்.

இதற்குத் தோதான வழி, ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு விளம்பரம் காட்டி, மீதிப் பேருக்குக் காட்டாமல் விடுவது. இங்கே அப்படி யாரையும் பிரிக்கவில்லை. கையில் இருந்தது கூகுள் ஒன்றுதான். கூகுளில் தேடுகிறவர்கள் வேறு, யாஹூவில் தேடுகிறவர்கள் வேறு, எண்ணிக்கையும் வேறு. சுத்தமான ஒப்பீட்டுக் குழு என்று இதைச் சொல்ல முடியாது. இந்த மாதிரி இடத்தில்தான் ‘டிஃபரன்ஸ் இன் டிஃபரன்சஸ்’ என்ற முறை கைகொடுக்கிறது. இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. விளம்பரத்தை நிறுத்தாமல் விட்டிருந்தால் இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஏறி இறங்கியிருக்கும் என்றால் போதும்.

கணக்கு எளிது. சோதனைப் பக்கத்தில் ஏற்பட்ட மாற்றத்தை எடுக்கிறோம். ஒப்பீட்டுப் பக்கத்தில் அதே நாட்களில் ஏற்பட்ட மாற்றத்தை அதிலிருந்து கழிக்கிறோம். மிஞ்சுவதுதான் விளம்பரத்தின் வேலை. ஈபேயில் கூகுளின் சரிவைக் கழித்த பிறகு மிஞ்சியது 0.529 சதவீதம். விளம்பரத்தைத் தட்டி வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காசில்லாத இணைப்பைத் தட்டி வந்து சேர்ந்துவிட்டார்கள்.

எதைக் கழிக்கிறோம் என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. புரிவதற்காக உருண்டை எண்களில் பார்க்கலாம். இவை ஈபேயின் எண்கள் அல்ல. சோதனைப் பக்கத்தில் நாளுக்கு 1,000 கிளிக் இருந்து 944 ஆகிறது, 56 குறைவு. ஒப்பீட்டுப் பக்கம் பெரியது. அங்கே 10,000 இருந்து 9,490 ஆகிறது, 510 குறைவு. எண்ணிக்கையை அப்படியே கழித்தால், விளம்பரத்தை நிறுத்தியதால் 454 கிளிக் கூடியது என்ற அபத்தமான விடை வரும். சதவீதமாகப் பார்த்தால் 5.6-லிருந்து 5.1 போக, இழப்பு 0.5 மட்டுமே. அளவில் பெரிய இடைவெளி உள்ள இரு பக்கங்களை ஒப்பிடும்போது ஆய்வாளர்கள் லாகரிதம் எடுத்துக்கொண்டு கழிப்பது இதனால்தான்.

‘ஒரே வேகத்தில் போயிருக்கும்’ என்பதற்கு என்ன சாட்சி? நேரடிச் சாட்சி கிடையாது. நடக்காத ஒன்றை யாரும் அளக்க முடியாது. நிறுத்துவதற்கு முந்தைய வாரங்களின் கோடுகளை வரைந்து, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கலாம். விளம்பரம் ஒரு மாதம் முன்பே நின்றதாகப் பொய்யாக வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போடலாம். எதுவுமே நடக்காத அந்தத் தேதியிலும் ‘விளைவு’ தென்பட்டால், தேர்ந்த ஒப்பீடு சரியில்லை என்று தெரிந்துவிடும். இவற்றில் தேறினாலும் முழு நிம்மதி இல்லை. நிறுத்திய அதே வாரத்தில் ஒரு தேடுபொறி தன் பக்க அமைப்பை மாற்றியிருந்தால், அந்த மாற்றமும் விளம்பரத்தின் கணக்கில் ஏறிவிடும்.

இன்னொரு தொல்லை, கசிவு. யாஹூவில் விளம்பரம் காணாமல் சிலர் கூகுளுக்குப் போய்த் தேடினால், சோதனைப் பக்கம் குறையும், ஒப்பீட்டுப் பக்கம் கூடும். இழப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஈபே விஷயத்தில் இந்தக் கசிவு முடிவைக் கெடுக்கவில்லை. கசிவு இழப்பை ஊதித்தான் காட்டும். ஊதிய பிறகும் அரை சதவீதம்தான் என்றால் உண்மை இழப்பு அதைவிடச் சின்னது. எந்தப் பிழை விடையை எந்தத் திசையில் இழுக்கும் என்று யோசிப்பது, இந்த வேலையில் பாதி.

சொற்ப ஆதாரத்தை அதிக ஆதாரமாக எண்ணிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இரண்டு பக்கம், அறுபது நாள் என்றால் நூற்றிருபது வரிகள் கொண்ட அட்டவணை கிடைக்கும். ஆனால் இன்றைய வியாபாரம் நேற்றையதை ஒட்டியே போகும் என்பதால், அவை நூற்றிருபது தனித்தனிச் சாட்சிகள் ஆகா. மரியான் பெர்ட்ராண்ட், எஸ்தர் டூஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2004-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அமெரிக்கப் பெண்களின் சம்பளத் தரவில், இல்லாத சட்டங்கள் இருப்பதாகக் கற்பனையாகத் தேதி குறித்து இந்த முறையில் கணக்குப் போட்டார்கள். நூற்றில் 5 தடவை மட்டுமே பொய்யாக ‘விளைவு’ தெரிய வேண்டிய இடத்தில், 45 தடவை வரை தெரிந்தது.

ஒற்றைக் கூகுளை நம்பி நிற்பதைவிடப் பல ஒப்பீடுகள் இருந்தால் நல்லதல்லவா? அடுத்த சோதனை அப்படித்தான் அமைந்தது. இம்முறை ‘ஷூ’, ‘கிட்டார்’ போல, ஈபே பெயர் இல்லாத சொற்களுக்கான விளம்பரம். அமெரிக்கா தொலைக்காட்சிச் சந்தைகளாக 210 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஏறக்குறைய 30 சதவீத வட்டாரங்களில் கூகுள் விளம்பரத்தை 60 நாள் நிறுத்தினார்கள். பழைய விற்பனை வரலாற்றில் ஒன்றையொன்று ஒட்டிப் போன வட்டாரங்கள் இருபுறமும் அமையும்படி பார்த்துக்கொண்டார்கள்.

விடை நிறுவனத்துக்கு இனிக்கவில்லை. செலவையும் விற்பனையையும் நேரடியாகப் பொருத்தினால் விளம்பரம் 4,000 சதவீதத்துக்கு மேல் லாபம் தந்ததாகத் தெரிந்தது. ஜனங்கள் வாங்க நினைக்கும் நாட்களில் தேடலும் கூடும், விளம்பரச் செலவும் கூடும், விற்பனையும் கூடும் என்பதால் வந்த மாயை அது. வட்டாரங்களை வைத்துக் கழித்துப் பார்த்தபோது கிடைத்தது 63 சதவீத நஷ்டம். நூறு டாலர் போட்டால் 37 டாலர் திரும்பி வந்தது என்று பொருள். இந்த எண்ணும் கல்லில் செதுக்கியது அல்ல. கணக்கின் பிழை எல்லை 3 சதவீத நஷ்டத்திலிருந்து 124 சதவீத நஷ்டம் வரை விரிந்திருந்தது.

வாடிக்கையாளர்களைப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஈபேயைப் புதிதாக நாடியவர்களிடமும் எப்போதாவது வாங்குகிறவர்களிடமும் விளம்பரம் வேலை செய்திருந்தது. பணத்தின் பெரும்பகுதியோ, அடிக்கடி வாங்குகிற பழைய ஆட்களின் கிளிக்குகளுக்கே போயிருந்தது. ஈபே அளவுக்குப் பெயர் பரவாத நிறுவனங்களுக்கு இதே விடை பொருந்தும் என்று சொல்ல முடியாது. கார் வாங்குவோருக்குத் தகவல் தரும் அமெரிக்கத் தளமான எட்மண்ட்ஸில் இதே போன்ற பெயர்ச்சொல் சோதனையைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் செய்தார்கள். அங்கே விளம்பரத்தை நிறுத்தியபோது விலகிப்போன வருகையில் கணிசமான பகுதி திரும்பி வரவே இல்லை.