பிராங்பர்ட்டில் இப்போது மணி என்ன?

கரூரில் ஒரு சிறிய ஏற்றுமதி நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் துண்டு, ஏப்ரன், மேசை விரிப்பு என்று தைத்து ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். தறி, சாயம், தையல், பேக்கிங் என்று பகல் முழுக்க முதலாளிக்குப் போன் ஓயாது. ராத்திரி ஏழு மணிக்குத்தான் மூச்சுவிட முடியும். அப்போதுதான் புது டிசைன் படங்களை இணைத்துப் பையர்களுக்கு மெயில் போடுவார். சனிக்கிழமை கொஞ்சம் சாவகாசமாக இருப்பதால் பெரும்பாலும் அன்றைக்கே அந்த வேலை. பதில் வராது. விலை அதிகமோ, டிசைன் சரியில்லையோ என்று மண்டையைக் குழப்பிக்கொள்வார்.

விலையும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த மெயில் போய் விழுந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். பிராங்பர்ட் குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கரூரில் சனிக்கிழமை இரவு ஏழு என்றால் அங்கே சனிக்கிழமை மதியம் இரண்டரை. அலுவலகம் பூட்டிக் கிடக்கும். ஞாயிறும் கழிந்து திங்கட்கிழமை காலை பையர் கணினியைத் திறக்கும்போது, இரண்டு நாள் சேர்ந்த குவியலின் அடியில் கரூர்க்காரரின் துண்டு கிடக்கும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மெயில் அனுப்பும் சேவை நடத்தும் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்கள் அனுப்பிய மெயில்களை மொத்தமாகக் கூட்டிச் சராசரி எடுத்துச் சொல்லும் நேரங்களில் இதுவும் ஒன்று. அந்தச் சராசரியில் செருப்புக் கடை விளம்பரமும் இருக்கும், கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பும் இருக்கும். துண்டு வாங்கும் பையர் அதில் எங்கே இருக்கிறார்? அதோடு, அதை நம்பி எல்லோரும் செவ்வாய் பத்து மணிக்கே அனுப்பினால் அந்த நேரத்தில்தான் நெரிசல் அதிகம்.

நமக்கான பதில் பெரும்பாலும் நம் இன்பாக்ஸிலேயே இருக்கிறது. பழைய பையர்கள் எழுதிய மெயில் ஒன்றைத் திறந்து, ஜிமெயிலில் Show original என்பதை அழுத்தினால் இப்படி ஒரு வரி தெரியும்:

```
Date: Thu, 14 Nov 2024 08:12:40 +0100
```

கடைசியில் உள்ள +0100 என்பது, அந்தக் கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆக, அங்கே காலை 8:12க்கு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கரூரில் அப்போது மதியம் 12:42. இப்படி ஐம்பது மெயில்களின் கிழமையையும் உள்ளூர் மணியையும் ஒரு தாளில் குறித்தாலே ஒரு வடிவம் கிடைக்கும். ஆனால் அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நாம் எப்போதும் ராத்திரியிலேயே அனுப்பியிருந்தால், பதில்கள் மறுநாள் காலையில் குவிவது நம் பழக்கத்தின் நிழலாகவும் இருக்கலாம். அதனால் அவர்களாகவே தொடங்கி எழுதிய மெயில்களைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது சோதனை. நம்மவரிடம் புது டிசைன் வந்தால் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்ட ஜெர்மன் பையர்கள் 100 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (கேட்டுக்கொண்டவர்கள் என்பது முக்கியம். முன்சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்புவதை ஜெர்மன் சட்டம் தடுக்கிறது, பெறுபவர் வியாபார நிறுவனமே ஆனாலும்.) பட்டியலுக்கு வரிசை எண் போட்டு, ஒற்றைப்படைக்காரர்களை ஒரு குழுவாகவும் இரட்டைப்படைக்காரர்களை இன்னொரு குழுவாகவும் பிரிக்கிறார். பெரிய பையர்கள் ஒரு பக்கம், சின்னவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்தால் சோதனை அங்கேயே கெட்டுவிடும்.

ஒரே நாள், ஒரே மெயில். ஒரு குழுவுக்கு அங்கே காலை எட்டரைக்கு, மற்றதற்கு மதியம் இரண்டரைக்கு. அடுத்த மாதம் குழுக்களை மாற்றிப் போடுகிறார். நான்கு மாதத்தில் காலையில் 200, மதியத்தில் 200 மெயில் போயிருக்கும். வந்த பதில்களை மட்டும் எண்ண வேண்டும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்புவதற்கில்லை. 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டுக்குப் பிறகு, ஆள் படிக்காவிட்டாலும் மெயில் திறக்கப்பட்டதாகவே காட்டும் சந்தர்ப்பங்கள் நிறைய.

காலை மெயிலுக்கு 15 பதில், மதிய மெயிலுக்கு 10 என்று வந்ததாக வையுங்கள். காலைதான் உசத்தி என்று துள்ளத் தோன்றும். பொறுங்கள். இரண்டையும் கூட்டினால் 25. அதன் வர்க்கமூலம் 5, இரு மடங்கு 10. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த 10ஐத் தாண்டினால்தான் அது தற்செயல் அல்ல என்று ஓரளவு நம்பலாம். இங்கே வித்தியாசம் 5தான். நாணயம் சுண்டினாலும் இவ்வளவு வரும். 19க்கு 6 என்று வந்திருந்தால் வித்தியாசம் 13, அப்போது கதை வேறு. இரு குழுவும் ஒரே அளவு, பதில்கள் குறைவு என்ற நிலைமைக்குப் பொருந்தும் தோராயக் கணக்கு இது.

சோதனை நடக்கிற மாதங்களும் கணக்கைக் குழப்பும். ஆகஸ்டில் ஐரோப்பாவில் பாதிப் பேர் விடுமுறையில். ஜனவரியில் பிராங்பர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சி. அந்த வாரம் பையர் கால்கடுக்க அரங்குகளைச் சுற்றிக்கொண்டிருப்பார், மெயிலுக்கு எங்கே போவார்? இரண்டு குழுவுக்கும் ஒரே நாளில் அனுப்புவதன் லாபம் இதுதான்: விடுமுறை அடித்தாலும் இருவருக்கும் சேர்த்தே அடிக்கும்.

கடிகார மாற்றம் இன்னொரு தொல்லை. மார்ச் கடைசி ஞாயிறன்று ஐரோப்பா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும், அக்டோபர் கடைசி ஞாயிறன்று திருப்பி வைக்கும். கோடையில் நமக்கும் ஜெர்மனிக்கும் இடைவெளி மூன்றரை மணிதான். கரூரில் பகல் பன்னிரண்டரைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், கோடையில் அங்கே ஒன்பதுக்குப் போனது நவம்பரில் எட்டுக்குப் போகும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே மாற்றிவிடுவதால் அந்த மாதத்தில் இரண்டு மூன்று வாரம் இரண்டு கணக்கும் தனித்தனியாக ஓடும்.

ரியாத்துக்கு அனுப்பினால் வாரமே வேறு. சவூதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு முழு வேலை நாள். துபாயோ 2022இலிருந்து சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள். வளைகுடா என்று ஒரே பட்டியலாக வைத்திருப்பவர் இதை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். ரமலான் மாதத்தில் வேலை நேரமே சுருங்கும். அந்த மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டும் இருக்கும்.

காலையா மதியமா என்று கணக்கு தீர்ப்புச் சொல்ல மறுத்தால் என்ன செய்வது? என் யோசனை, பதில் வந்தால் தன்னால் உடனே திருப்பி எழுத முடிகிற நேரத்தை அவர் எடுத்துக்கொள்ளலாம். “ஜிஎஸ்எம் எவ்வளவு, சாம்பிள் எப்போது வரும்” என்று பையர் அங்கே காலை ஒன்பதுக்குக் கேட்டால் கரூரில் ஒன்றரைதான்; மெர்ச்சண்டைசர் இருக்கையில் இருப்பார், அடுத்த அரை மணியில் பதில் போய்விடும். அதே கேள்வி அங்கே மாலை நாலரைக்கு வந்தால் இங்கே இரவு ஒன்பது, யூனிட் பூட்டியாகிவிட்டது. நியூயார்க்கோடு இந்த வசதி கிடைக்காது. அங்கே காலை ஒன்பது என்றால் குளிர்காலத்தில் இங்கே இரவு ஏழரை. பழைய ராத்திரி ஏழு மணிப் பழக்கத்தை அமெரிக்கப் பட்டியலுக்கு மட்டும் அவர் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சனிக்கிழமை வேண்டாம்.