பசி குறைந்தால் நாடியைப் பாருங்கள்

எழுபது வயதுப் பாட்டி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இதயம் தாறுமாறாக, நிமிடத்துக்கு 130 தடவை துடிக்கிறது. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிறார் டாக்டர். வேகத்தை அடக்க டிகாக்சின் 0.25 மில்லிகிராம், கால் வீக்கம் வடிய ஃப்ரூசமைடு தருகிறார். சில மாதம் நன்றாகப் போகிறது. பிறகு, துடிப்பின் ஒழுங்கை மீட்க இன்னொரு மருத்துவமனையில் அமியோடரோன் சேர்க்கிறார்கள். டிகாக்சின் அளவை யாரும் குறைக்கவில்லை.

இரண்டு வாரத்தில் பாட்டிக்குச் சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது. அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். விளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். கண்புரையாக இருக்கும் என்கிறார்கள். நாடியோ 44தான்.

டிகாக்சின் நஞ்சாகிவிட்டது. இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறும். அமியோடரோன் அந்த வழியை அடைப்பதால் ரத்தத்தில் டிகாக்சின் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். அதனால்தான் இரண்டையும் சேர்க்கும்போது டிகாக்சினைப் பாதியாக்குவது வழக்கம். ஃப்ரூசமைடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். பொட்டாசியம் குறைந்தால், ரத்தத்தில் மருந்து அளவோடு இருந்தாலும் இதயத்தைத் தாக்கும்.

இதைக் கண்டுபிடிக்க டிகாக்சின் அளவு, பொட்டாசியம், கிரியேட்டினின், ஈசிஜி நான்கும் வேண்டும். மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது கழிந்தபின் ரத்தம் எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். இதயச் செயலிழப்புக்கு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் போதும். 2-ஐத் தாண்டினால் ஆபத்து. அதற்குக் கீழே இருந்தும் அறிகுறிகள் வரலாம் என்பதால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. சனி, ஞாயிறு மாத்திரையை விடச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அதனால் வாரத்தின் மொத்த அளவு குறையும். பரிசோதனைக்கு அது ஈடாகாது.

பாட்டிக்கு டிகாக்சினை நிறுத்தி, பொட்டாசியத்தைச் சரிசெய்து, ஈசிஜி கண்காணிப்பில் வைப்பார்கள். துடிப்பு உயிருக்கே ஆபத்தாக மாறினால் அதற்கென்று முறிமருந்து ஊசி இருக்கிறது.

அமியோடரோனின் சொந்தத் தீங்கு மெதுவாக வருவது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. உடலின் அன்றாடத் தேவையோ 0.15 மில்லிகிராம். தைராய்டு மந்தமாகலாம், மிகையாகவும் சுரக்கலாம். நான் மிகவும் அஞ்சுவது நுரையீரல் பாதிப்பைத்தான். விடாத வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் சளி என்று விட்டுவிடக் கூடாது. தொடங்கும்போதே தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்து, முதல் இரண்டை 6 மாதத்துக்கு ஒருமுறையும் எக்ஸ்ரேயை ஆண்டுக்கொருமுறையும் பார்க்க வேண்டும். நிறுத்திய பிறகும் இது மாதக்கணக்கில் உடலில் தங்கும்.

வீட்டில் யாராவது இவற்றைச் சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பசி போனாலோ, நாடி 60-க்குக் கீழே இறங்கினாலோ, எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.