மில் சொன்ன உயர் இன்பம்: இன்பவாதத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

இன்பம் ஒன்றே தன்னளவில் நல்லது, துன்பம் ஒன்றே தன்னளவில் தீயது என்பது இன்பவாதம். செல்வம், கல்வி, புகழ் எல்லாம் இன்பத்துக்கு வழியாக இருப்பதால் மட்டுமே மதிப்புப் பெறுகின்றன என்பது இதன் பொருள். இதை அடித்தளமாகக் கொண்டு, எல்லோருக்கும் சேர்த்து மிகுதியான இன்பத்தைத் தரும் செயலே சரியான செயல் என்று சொன்னது பயன்பாட்டுவாதம்.

இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலில் இன்பத்தை மதிப்பிடும் அளவுகோல்களை வகுத்தார். ஓர் இன்பம் எவ்வளவு தீவிரமானது, எவ்வளவு நேரம் நீடிக்கும், கிடைப்பது எவ்வளவு உறுதி, மேலும் இன்பங்களுக்கு வழிவிடுமா என்பவை அவற்றுள் சில. அந்த இன்பம் எத்தகையது என்ற கேள்விக்கு அங்கே தனி இடம் இல்லை. அதனால்தான், தரும் இன்பம் சமமானால் புஷ்-பின் என்னும் எளிய விளையாட்டுக்கும் கவிதைக்கும் மதிப்பு ஒன்றே என்று பெந்தாமால் சொல்ல முடிந்தது. எதிர்ப்பாளர்கள் இதையே பிடித்துக்கொண்டார்கள். இது பன்றிகளுக்கு ஏற்ற தத்துவம் என்று தாமஸ் கார்லைல் இகழ்ந்தார்.

இந்த இகழ்ச்சிக்கு ஜான் ஸ்டுவர்ட் மில், 1861இல் எழுதிய ‘பயன்பாட்டுவாதம்’ என்ற படைப்பின் இரண்டாம் அத்தியாயத்தில் விடை தந்தார். இன்பங்களுக்குள் அளவில் மட்டுமின்றித் தரத்திலும் வேறுபாடு உண்டு என்றார். அறிவு, கற்பனை, அறவுணர்வு ஆகியவற்றால் வரும் இன்பங்கள் உயர்ந்தவை, உடல் புலன்களோடு நின்றுவிடும் இன்பங்கள் தாழ்ந்தவை. எது உயர்ந்தது என்பதற்கு அவர் ஒரு சோதனையையும் வைத்தார். இரண்டு இன்பங்களையும் அனுபவித்து, இரண்டையும் சுவைக்கத் தெரிந்தவர்கள்தாம் நடுவர்கள். கூடுதலான மனக்குறை உடன்வரும் என்று அறிந்தும், மற்றது எவ்வளவு கிடைத்தாலும் ஈடாகாது என்று அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றைத் தேர்ந்தால், அதுவே உயர்ந்தது. நிறைவில்லாத சாக்ரட்டீஸாக இருப்பது நிறைவுள்ள முட்டாளாக இருப்பதைவிட மேல் என்ற அவருடைய கருத்து இங்கிருந்துதான் பிறக்கிறது.

மில்லுக்கு இந்தப் பிரிவு ஏன் தேவைப்பட்டது என்பதைத் தத்துவ அறிஞர் ரோஜர் கிரிஸ்ப் ஒரு கற்பனையால் காட்டுகிறார். பிறக்கப்போகும் ஓர் உயிருக்கு இரண்டு வாழ்க்கைகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, 77 ஆண்டு வாழ்ந்த இசைமேதை ஹைடனின் வாழ்க்கை. மற்றொன்று, விரும்பும் காலம்வரை நீளக்கூடிய ஒரு சிப்பியின் வாழ்க்கை. சிப்பிக்கு இருப்பது மெல்லிய உடல்சுகம் மட்டுமே. ஹைடனின் ஓராண்டு இன்பத்துக்கு 1,000 மதிப்பெண், சிப்பியின் ஓராண்டுக்கு 1 என்று வைத்துக்கொண்டால், ஹைடனின் மொத்தம் 77,000. சிப்பி 77,001 ஆண்டு வாழ்ந்தால் போதும், ஹைடனை மிஞ்சிவிடும். ஹைடனுக்கு எத்தனை மதிப்பெண் கூட்டினாலும் சிப்பியின் ஆயுளையும் நீட்டிக்கொண்டே போகலாம். அளவை மட்டும் எண்ணும் கணக்கில் இந்த முடிவைத் தவிர்க்க வழியில்லை. தரம் என்பது எந்த அளவாலும் ஈடுகட்ட முடியாதது என்றால் மட்டுமே ஹைடனின் வாழ்க்கை வெல்லும்.

ஆனால் இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தரத்தில் உயர்ந்தது என்பதற்கு என்ன பொருள்? அதிக இன்பம் தருவது என்பதே பொருளானால், தரம் மறுபடியும் அளவாகிவிடுகிறது, சிப்பியும் திரும்பிவிடுகிறது. முரணில்லாத இன்பவாதி தர வேறுபாட்டை அளவு வேறுபாடாகவே கொள்ளவேண்டும் என்று ஹென்றி சிட்ஜ்விக் வாதிட்டார். அப்படியல்லாமல், இன்பத்தின் அளவு குறைந்திருந்தும் ஒன்று மேலானது என்றால், அந்த மேன்மையைத் தருவது இன்பம் அல்லாத வேறொன்று என்றாகிறது. அது அறிவாக இருக்கலாம், மேன்மை உணர்வாக இருக்கலாம். எதுவானாலும் இன்பம் ஒன்றே நல்லது என்ற கொள்கை அங்கே கைவிடப்படுகிறது. ஜி. இ. மூர் 1903இல் மில் மீது வைத்த குற்றச்சாட்டின் சாரம் இதுவே. நடுவர்களின் விருப்பத்துக்குக் காரணம் சொல்லும்போது மனிதரிடம் உள்ள கண்ணிய உணர்வை மில்லே முன்னிறுத்துவது இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. நடுவர்கள் இன்பத்தை எடைபோடுகிறார்களா, எப்படிப்பட்ட மனிதராக வாழ்வது தகும் என்பதை எடைபோடுகிறார்களா என்ற கேள்வி எழுகிறது.

மில்லுக்காக வாதாடுவோர் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். எவை நல்லவை என்பது ஒன்று. அவை எதனால் நல்லவை என்பது மற்றொன்று. இன்ப அனுபவங்கள் மட்டுமே நல்லவை என்று முதல் கேள்விக்கு மில் தடையின்றி விடை சொல்லலாம். இன்பம் துளியும் இல்லாத அறிவுக்கு அவர் தன்னளவில் மதிப்புத் தரவில்லை. மேன்மை என்பது இன்ப அனுபவத்தின் ஒரு பண்பாகவே வருகிறது. அந்த அளவில் அவர் இன்பவாதிதான். ஆனால் அந்த அனுபவங்கள் இன்பமாக இருப்பதால் மட்டுமே நல்லவை என்று இரண்டாம் கேள்விக்கு அவரால் விடை தர முடியாது, ஏனெனில் மேன்மையும் மதிப்பைக் கூட்டுகிறது. பெந்தாமின் இன்பவாதம் இரண்டாவது விடையையும் சேர்த்தே கேட்டது. சிப்பியை விலக்க மில் கொடுத்த விலை அதுதான்.