நூறு ஆர்டர்களும் மூன்று ஆர்டர்களும்

இணையத்தில் தமிழ்ப் புத்தகம் விற்பவரிடம், "ஒருவர் சராசரியாக எவ்வளவுக்கு வாங்குகிறார்?" என்று கேட்டால் உடனே ஓர் எண் சொல்லுவார். மொத்த விற்பனையை ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அந்த எண். கணக்கில் பிழையில்லை. ஆனால் அதை நம்பிச் சரக்கு வாங்கினாலோ தபால் கட்டணம் நிர்ணயித்தாலோ கை சுடும். காரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

டொராண்டோவில் ஒரு சிறு புத்தகக் கடை இருப்பதாகக் கணக்குக்காகக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு மாதத்தில் 100 ஆர்டர்கள் வருகின்றன. அவற்றில் 60 பேர் ஆளுக்கு 20 டாலருக்கு ஒரே ஒரு புத்தகம் வாங்குகிறார்கள். 28 பேர் 50 டாலர் அளவிலும், 9 பேர் 120 டாலர் அளவிலும் வாங்குகிறார்கள். இரண்டு ஆர்டர்கள் 400 டாலர் வீதம். கடைசி ஒன்று ஒரு தமிழ்ப் பள்ளியினுடையது, 1,520 டாலர். மொத்தம் 6,000 டாலர். ஆகவே சராசரி 60.

இந்த நூறு பேரில் 60 டாலருக்கு வாங்கியவர் ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரையும் மதிப்பின் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் அவர் 20 டாலர்க்காரர். பள்ளியின் ஆர்டரை மட்டும் நீக்கிவிட்டால் சராசரி 45க்கு இறங்கிவிடுகிறது. மேலே உள்ள மூன்று ஆர்டர்கள் மட்டுமே வருமானத்தில் ஏறத்தாழ 39 விழுக்காட்டைக் கொண்டு வருகின்றன. இப்படி இடப்பக்கம் குவிந்து வலப்பக்கம் மெல்லியதாக நீண்டுபோகும் பரவலைத்தான் நீண்ட வால் என்கிறார்கள். கிறிஸ் ஆண்டர்சன் 2004இல் எழுதிய கட்டுரையால் பிரபலமான 'நீண்ட வால்' வேறு. அது அரிதாக விற்கும் ஏராளமான தலைப்புகளைப் பற்றியது. இங்கே நாம் பேசுவது அரிதாக வரும் பெரிய ஆர்டர்களைப் பற்றி.

நம் கடையில் இந்த வால் இருக்கிறதா என்று எப்படி அறிவது? ஓராண்டு ஆர்டர்களை 10 முதல் 20 டாலர், 20 முதல் 40, 40 முதல் 80 என்று ஒவ்வொரு படியும் இரட்டிப்பாகும்படி கட்டம் பிரித்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை படிப்படியாகத் தேய்ந்துபோனால், பெரிதாக வாங்குவோரும் சற்று ஆசை மிகுந்த வாசகர்களே. இடையில் கட்டங்கள் காலியாகி, தொலைவில் தனியாக ஒரு சிறு மேடு தெரிந்தால், அங்கே இருப்பவர்கள் வேறு இனம்: பள்ளிகள், நூலகங்கள், சங்கங்கள்.

இனி இருப்புக்கு வருவோம். ஒரு பாலர் வாசிப்பு நூல் மாதம் 4 பிரதிகள் விற்கிறது. ஒரு மாதம் பள்ளி 40 பிரதிகள் கேட்கிறது. அந்த மாத விற்பனை 44. கடைக்காரர் முந்தைய மூன்று மாத சராசரியைப் பார்த்துச் சரக்கு வைப்பவர் என்றால் 4, 4, 44 என்ற மூன்றின் சராசரி 17. அடுத்த மூன்று மாதமும் அந்தப் பெரிய மாதம் கணக்குக்குள்ளேயே நிற்பதால் 17 என்ற எண் மாறாது. மாதத்துக்கு 17 பிரதி என்று அலமாரியில் வைக்கிறார், விற்பதோ 4. மிஞ்சுவது 13. பள்ளியின் பட்டியலில் 30 தலைப்புகள் இருந்தால் 390 புத்தகங்களில் பணம் முடங்குகிறது. அப்படி முடங்கியும், பள்ளி மறுபடி 40 கேட்டால் 17 போதாது. சராசரியை நம்பியவருக்கு இரண்டு பக்கமும் நட்டம்.

ஆகவே விற்பனைப் பதிவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரே தலைப்பில், உதாரணமாக, 10 பிரதிகளுக்கு மேல் கேட்கும் ஆர்டர்களைத் தனி ஏட்டில் எழுதுங்கள். அலமாரிக்கான கணக்கில் அவற்றைச் சேர்க்காதீர்கள். சென்னையிலிருந்து கடல் வழியே சரக்கு வர இரண்டு மாதம் என்று கொண்டால், அதற்குள் விற்கக்கூடிய 8 பிரதி, ஏற்ற இறக்கத்துக்கு 4, ஆக 12 போதும்.

இந்த 12ஐப் பள்ளிக்குக் கொடுக்கலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 40 மாணவர் உள்ள வகுப்புக்கு 12 பிரதி பயன்படாது. எப்படியும் மீதி 28க்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் அலமாரி காலியானதால் அடுத்த இரண்டு மாதம் வரும் தனி வாசகர் எட்டுப் பேரும் 'இருப்பில் இல்லை' என்ற வரியைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பது எந்த ஏட்டிலும் பதிவாகாது. பெரிய ஆர்டரை அலமாரியிலிருந்து எடுக்காமல், நாள் குறித்துப் பதிப்பகத்திலிருந்து தனியாக வரவழைப்பதே முறை.

அனுப்பும் செலவிலும் இந்தப் பிளவு உண்டு. கனடாவுக்குள் 500 கிராமுக்கும் 2 சென்டிமீட்டர் தடிமனுக்கும் மிகாத உறை கடிதக் கட்டணத்தில் போகும். மெல்லிய கவிதைத் தொகுப்பு ஒன்று அதில் அடங்கும். இரண்டாவது புத்தகத்தைச் சேர்த்தால் அது பார்சலாகிக் கட்டணம் பல மடங்கு ஏறும். இது தெரியாமல் சராசரியைப் பார்த்து '60 டாலருக்கு மேல் தபால் இலவசம்' என்று அறிவித்தால் என்ன ஆகும்? 20 டாலர்க்காரர் அசையமாட்டார். 50 டாலர்க்காரர் இன்னொரு புத்தகம் சேர்த்து 70 ஆக்குவார். லாபம் 30 விழுக்காடு என்றும் பார்சல் 16 டாலர் என்றும் வைத்துக்கொண்டால், 21 டாலர் லாபத்தில் மிஞ்சுவது 5. தபாலுக்கு அவரே பணம் கட்டிய நாளில் 50 டாலர் ஆர்டரில் 15 கிடைத்தது! பள்ளியின் இரண்டு கனத்த பெட்டிகளும் இலவசமாகவே போகும். இலவச வரம்பு வைப்பதானால் அதற்கு எடையிலும் ஓர் உச்சி வேண்டும்.

சென்னையிலிருந்து வரும் வழியில் கணக்கு தலைகீழாகிறது. நெருக்கமாக அடுக்கிய புத்தகம் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 600 கிலோ இருக்கும். விமானச் சரக்கில் கனமீட்டருக்கு 167 கிலோ என்பது வழக்கமான அளவுகோல். அதைவிடக் கனமானவற்றுக்கு உண்மை எடைக்கே கட்டணம். ஆகவே 600 கிலோவுக்கும் பணம் கட்ட வேண்டும். பிறர் சரக்கோடு சேர்ந்து வரும் கப்பல் சரக்கில் ஒரு கனமீட்டர் அல்லது ஒரு டன், இதில் எது அதிகமோ அதுதான் அளவு. அங்கே அதே புத்தகங்கள் ஒரே ஒரு கனமீட்டராகக் கணக்காகும். புத்தகத்தின் கனம் விமானத்தில் தண்டனை, கப்பலில் சலுகை. பெரிய ஆர்டரின் இடம் கப்பல்தான்.

ஆனால் கப்பலுக்குக் காலம் வேண்டும். நல்ல வேளையாக, பெரிய ஆர்டர்கள் பெரும்பாலும் திடீரென்று பிறப்பதில்லை. பள்ளி செப்டம்பரில் திறக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மே மாதத்திலேயே பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். சிறு பதிப்பகங்கள் பல நூல்களைச் சில நூறு பிரதிகளே அச்சிடுகின்றன என்பதால், 40 பிரதிகள் சென்னையிலாவது இருக்கின்றனவா என்பதையும் அப்போதே கேட்டு வைக்கலாம். சென்ற ஆண்டின் மிகப் பெரிய ஆர்டர் இந்த ஆண்டின் மிகப் பெரியதைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது. வாங்கப் போகிறவரைக் கேட்டால் அவர் சொல்லுவார்.