டிரைவ் வந்ததும் திரையின் வேகம் ஏன் பாதியாகிறது?

லேப்டாப்பிலிருந்து டாக்கிற்கு ஒரே ஒரு யூஎஸ்பி-சி கேபிள். டாக்கில் இரண்டு மானிட்டர்கள்; இரண்டும் 2560 x 1440 அளவு, 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பவை. அதே டாக்கில் வேகமான எஸ்எஸ்டி ஒன்றைச் செருகினால், கோப்புகள் நொடிக்கு 40 மெகாபைட் அளவில்தான் நகர்கின்றன. டாக்கின் அமைப்பில் High Data Speed என்பதைத் தேர்ந்தெடுத்ததும் டிரைவ் வேகம் பிடிக்கிறது. ஆனால் மானிட்டர்கள் இரண்டும் 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகின்றன.

டிரைவ் படத்தின் இடத்தைத் தின்றுவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். டிரைவைச் சும்மா விட்டுப் பாருங்கள்; ஒரு கோப்புகூட நகராதபோதும் திரை 60-லேயே நிற்கும். ஆகவே காரணம் நெரிசல் இல்லை, பாகப்பிரிவினை.

யூஎஸ்பி-சி கேபிளுக்குள் வேகமான தகவலுக்கென நான்கு லேன்கள் இருக்கின்றன. நான்கையும் படத்துக்கே கொடுக்கலாம். அப்போது டிரைவுக்குத் தனியாக உள்ள பழைய யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே மிஞ்சும். அந்த 40 மெகாபைட் அங்கிருந்து வந்ததுதான். அல்லது இரண்டைப் படத்துக்கும் இரண்டை வேகமான யூஎஸ்பிக்கும் பிரிக்கலாம். நடுவில் வேறு ஏற்பாடு கிடையாது. லேப்டாப்பும் டாக்கும் இணையும்போதே இது முடிவாகிவிடும். பிறகு டிரைவ் தூங்கினாலும் அதன் இரண்டு லேன்கள் படத்துக்குத் திரும்பி வருவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். டிஸ்பிளேபோர்ட் 1.4 உள்ள லேப்டாப்பில் நான்கு லேன்களும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 26 ஜிகாபிட் படத்தைக் கொண்டுபோகும். நம் மானிட்டர் ஒன்றுக்கு 120 ஹெர்ட்ஸில் சுமார் 12 ஜிகாபிட் வேண்டும், இரண்டுக்கும் 24. அது அடங்குகிறது. இரண்டு லேன்களில் கிடைப்பது 13 ஜிகாபிட்தான். 60 ஹெர்ட்ஸில் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 12 போதும் என்பதால் கணினி அங்கே இறங்கி நிற்கிறது. பழைய டிஸ்பிளேபோர்ட் 1.2 லேப்டாப்பாக இருந்தால் இரண்டு லேன்களில் 9 ஜிகாபிட்கூடத் தேறாது. அந்த 60-உம் இரு திரைகளுக்கும் ஒருசேரக் கிடைக்காது.

விண்டோஸில் Advanced display பக்கத்தில் ஒவ்வொரு மானிட்டரும் இப்போது எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று பார்க்கலாம். டாக்கை மாற்றி அமைக்கும் முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பாருங்கள். 120 சரியாகப் பாதியானால் லேன்கள் பிரிந்திருக்கின்றன என்றே கொள்ளலாம்.

எளிய வழி, டிரைவை லேப்டாப்பின் வேறொரு யூஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகிவிட்டு, டாக்கின் நான்கு லேன்களையும் படத்துக்கே விடுவது. லேப்டாப்பின் கிராஃபிக்ஸும் டாக்கும் டிஎஸ்சி எனும் படச் சுருக்கத்தை ஆதரித்தால் இரண்டு லேன்களிலேயே 120 கிடைக்க வாய்ப்புண்டு. லேப்டாப்பில் தண்டர்போல்ட் இருந்தால் தண்டர்போல்ட் டாக் வாங்கலாம். அங்கே லேன்களைப் பங்கு பிரிப்பதில்லை. படமும் தரவும் ஒரே 40 ஜிகாபிட் இணைப்பில் கலந்து போகின்றன. படத்துக்கு வேண்டியது முதலில் ஒதுக்கப்படும், டிரைவுக்கு மீதி. இடம் போதாதபோது அங்கே வேகம் குறைவது பெரும்பாலும் டிரைவுக்குத்தான்.