செத்தது தெரியாமல் கதை சொல்பவன்

'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்தில் நாயகன் இறந்துவிட்டதை மறைப்பது கேமராவின் வேலை. எதைக் காட்டலாம், எதை விடலாம் என்று இயக்குநர் தீர்மானிக்கிறார். ஆனால் 'நான்' என்று சொல்லும் கதையில் இறந்தவனே பேசுகிறான். தனக்கே தெரியாததை அவன் வாசகருக்கு எப்படிச் சொல்வான்?

அயர்லாந்து எழுத்தாளர் ஃப்ளான் ஓ'பிரையன் 'தி தேர்ட் போலீஸ்மேன்' நாவலில் இதைச் செய்து காட்டினார். 1940-ல் பதிப்பகம் மறுத்துவிட்டது. கைப்பிரதி தொலைந்துபோனதாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1967-ல்தான் புத்தகம் வந்தது. முடிவை இங்கே சொல்லப்போகிறேன். படிக்க நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கதைசொல்லியும் டிவ்னி என்பவனும் சேர்ந்து மேதர்ஸ் என்ற கிழவரைப் பணப்பெட்டிக்காகக் கொல்கிறார்கள். பெட்டியை ஒளித்துவைத்த டிவ்னி, ரொம்ப நாள் கழித்து, அது மேதர்ஸ் வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் இருக்கிறது என்கிறான். கதைசொல்லி போய்க் கையை உள்ளே விடுகிறான். வெடிச்சத்தம் எதுவும் எழுதப்படவில்லை. வெளிச்சமும் காற்றும் சட்டென்று மாறியதுபோல அவனுக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். பெட்டி கையில் இல்லை. பின்னால் யாரோ இருமுகிறார்கள். திரும்பினால், செத்த மேதர்ஸ் உட்கார்ந்திருக்கிறார்!

ஓ'பிரையனின் சாமர்த்தியம் இங்கேதான். கதைசொல்லி ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. உணர்ந்ததை உணர்ந்தபடி சொல்லிவிட்டு, காரணத்தை மட்டும் தப்பாக ஊகிக்கிறான். அதனால் ஒவ்வொரு தடயத்துக்கும் இரண்டு அர்த்தம் கிடைக்கிறது. கிழவர் பெயர் கேட்கும்போது அவனுக்குத் தன் பெயர் நினைவுக்கு வரவில்லை. முதல் வாசிப்பில் இது அதிர்ச்சியால் வந்த மறதி. பிறகு போலீஸ் அவனைத் தூக்கிலிட முடிவெடுக்கும்போது, பெயரில்லாதவனைத் தூக்கில் போட்டால் சட்டச் சிக்கலே இல்லை என்று வாதிடுகிறது. நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் தடயம் கண்ணுக்குப் படாமல் நழுவிவிடுகிறது. ஊரே கோணலாக இருக்கும்போது எந்தக் கோணலைப் பிடித்துக்கொண்டு சந்தேகப்படுவது?

இரண்டு மூன்று நாளில் தப்பி வந்துவிட்டதாக அவன் நினைக்கிறான். வீட்டில் டிவ்னி தடித்து, மனைவியோடு இருக்கிறான். அவளுக்கு இவன் தெரியவே இல்லை. டிவ்னி மட்டும் பார்த்துவிட்டு அலறுகிறான்: பலகைக்கு அடியில் வைத்தது வெடிகுண்டு, நீ செத்துப் பதினாறு வருஷமாகிறது!

இந்த உத்தியின் சிக்கல் இங்கே தலைகாட்டுகிறது. நடந்து முடிந்ததைச் சொல்கிறவனுக்கு முடிவும் தெரிந்திருக்க வேண்டுமே, முதல் பக்கத்திலிருந்தே ஏன் மறைத்தான்? பல பேய்க் கதைகள் இந்தக் கேள்வியில் இடறி விழுகின்றன. ஓ'பிரையன் அவனை மறுபடி மறக்கவைக்கிறார். அவன் மனம் வெறுமையாகிறது. அதே சாலையில் நடந்து, அதே காவல் நிலையத்தை முதல்முறையாகப் பார்ப்பதுபோல ஏறக்குறைய அதே சொற்களில் வர்ணிக்கிறான். இந்தத் தடவை டிவ்னியும் கூட வருகிறான், அவனும் செத்துப்போனதால்.