கலங்கல் நீர் கடலில் தெளிவது ஏன்?

புதுவெள்ளத்தில் வரும் நுண்ணிய களிமண் துகள்கள் எளிதில் அடியில் படிவதில்லை. அதே நீர் முகத்துவாரத்தில் கடலோடு கலந்ததும் துகள்கள் திரண்டு படியத் தொடங்குகின்றன. களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. கடல்நீர் சேர்ந்ததும் அந்த விலக்கல் எங்கே போகிறது?

நீரில் தனியாக ஒரு புள்ளி எதிர்மின்னூட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உப்பு கரைந்திருந்தால் சோடியம் அயனிகளை அது தன் பக்கம் இழுக்கும், குளோரைடு அயனிகளைத் தள்ளும். ஆனால் வெப்பத்தால் அயனிகள் ஓயாமல் அலைகின்றன. சோடியம் வந்து ஒட்டிக்கொண்டு நின்றுவிடாது. இழுப்புக்கும் அலைச்சலுக்கும் இடையே, சோடியம் சற்றே மிகுந்த ஒரு மேகம் உருவாகிறது. அந்த மேகத்தின் மொத்த மின்னூட்டம் நடுவில் உள்ளதற்குச் சமம், குறி மட்டும் எதிர். அதனால்தான் தொலைவிலிருந்து பார்த்தால் எந்த மின்னூட்டமும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

பீட்டர் டிபையும் எரிக் ஹியூக்கலும் 1923-இல் மின்பகுளிக்கு இதைக் கணக்கிட்டார்கள்:

φ(r) = (q / 4πεr) e^(−r/λ)

முதல் பகுதி வழக்கமான கூலும் மின்னழுத்தம். பின்னால் வரும் e^(−r/λ) தான் அயனி மேகத்தின் வேலை. λ என்பதே திரையிடல் நீளம். அது ஒரு சுவர் அல்ல. அந்தத் தொலைவில் மின்னழுத்தம் அறுந்துபோவதில்லை. அயனிகள் இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடிய அளவில் 37 சதவீதம் அங்கே மிஞ்சும். மூன்று மடங்கு தள்ளிப் போனால் 5 சதவீதம்தான்.

லிட்டருக்கு 58 மில்லிகிராம் சாப்பாட்டு உப்பு கரைந்த நீரில், அறை வெப்பநிலையில், λ ஏறக்குறைய 9.6 நானோமீட்டர். உப்பு நான்கு மடங்கானால் λ பாதியாகும். கடல்நீரில் சுமார் 0.36 நானோமீட்டருக்குச் சுருங்கிவிடும். மின்னூட்டத்திலிருந்து 5 நானோமீட்டர் தள்ளிப் பார்த்தால், முதல் நீரில் ஏறக்குறைய 60 சதவீதம் மிஞ்சுகிறது; கடல்நீரிலோ பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே கடலில் களிமண் துகள்கள் மிக நெருங்கி வர முடிகிறது. அவ்வளவு அருகில் வான்டர்வால்ஸ் கவர்ச்சி மேலோங்கி அவற்றை ஒட்டவைக்கிறது.

பிளாஸ்மாவிலும் இதே கதைதான், அளவு மட்டும் வேறு. கன மீட்டருக்கு 10¹² எலக்ட்ரான்களும் 1000 கெல்வின் வெப்பநிலையும் உள்ள அயனி மண்டலத்தில், எலக்ட்ரான்களால் வரும் திரையிடல் நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். அங்கே வெப்பம் கூடினால் அலைச்சல் கூடி மேகம் விரியும். அடர்த்தி கூடினால் சுருங்கும்.

இந்தச் சூத்திரம் அயனிகளைப் புள்ளிகளாக எடுத்துக்கொள்கிறது. மின்னாற்றல் வெப்ப ஆற்றலைவிடச் சிறியது என்றும் கொள்கிறது. கடல்நீரின் 0.36 நானோமீட்டரோ நீர் சூழ்ந்த ஓர் அயனியின் பருமனையே ஒத்தது. ஆகவே நீர்த்த கரைசலுக்கு அதை நம்பலாம். கடல்நீருக்கு வரும் எண்ணைத் தோராயமாக மட்டுமே கொள்ள வேண்டும்.